படத்தில் மட்டும் மாறும் முடியின் நிறம்

தலைமுடிக்கு பர்கண்டி சாயம் பூசிக்கொண்ட ஒருவர் அன்றைக்கே மூன்று படங்கள் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்லரின் மஞ்சள் விளக்கடியில் முடி செம்புபோலத் தெரிகிறது. வீட்டு வாசல் நிழலில் ஏறக்குறைய கறுப்பு. மாலையில் சிவப்புப் பட்டுச்சேலையோடு எடுத்த படத்தில் மங்கிய பழுப்பு. சாயம் என்னவோ ஒன்றுதான்.

குண்டு பல்பின் வெளிச்சம் மஞ்சள், நிழலில் வானத்திலிருந்து விழும் வெளிச்சம் நீலம். கெல்வின் அளவில் முன்னது சுமார் 2,700, நண்பகல் வெயில் சுமார் 5,500, நிழல் 7,000 அல்லது அதற்கும் மேல். எங்கே நின்றாலும் நம் மூளை இதைச் சரிசெய்துகொள்வதால் வெள்ளைத்தாள் நமக்கு வெள்ளையாகவே படுகிறது. கேமரா அந்தத் திருத்தத்தைக் கணக்குப்போட்டு ஊகிக்கிறது. அதுதான் ஒயிட் பேலன்ஸ்.

ஊகத்தின் எளிய வழி, படத்திலுள்ள நிறங்களின் சராசரி சாம்பலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வது. சிவப்புச் சேலை படம் முழுக்க நிறைந்திருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று கேமரா முடிவுகட்டி சிவப்பைக் குறைத்துவிடும். முடியிலிருந்த சிவப்பும் கூடவே போகும். மஞ்சள் விளக்கில் நடப்பது வேறு. அந்த இதமான சாயல் அடியோடு போய்விடக் கூடாதென்று பல கேமராக்கள் கொஞ்சம் மஞ்சளை வேண்டுமென்றே விட்டுவைக்கும். பார்லர் படத்தின் செம்பு நிறம் அங்கிருந்து வருகிறது. முகம் மஞ்சளித்தால் படத்தில்தான் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். முடி எந்த நிறத்திலும் இருக்கலாம் என்பதால் அதை அப்படியே நம்பிவிடுகிறோம்.

வாசல் படத்துக்குக் காரணம் முடியிலேயே இருக்கிறது. முடியின் மேல்தோல் வழவழப்பான செதில்களால் ஆனது. அதில் பட்டு நேரே திரும்பும் ஒளி, சாயத்தைத் தொடுவதில்லை; விளக்கின் நிறத்தையோ வானத்தின் நிறத்தையோதான் சுமந்து வரும். உள்ளே புகுந்து வெளியேறும் ஒளியில்தான் சாயத்தின் நிறம் இருக்கிறது. கருமையான முடியில் அப்படி மீளும் ஒளி மிகக் குறைவு. நேரடி வெயில் பட்டால் அது கண்ணுக்கு எட்டும். நிழலில் வானத்தின் நீல மினுக்கம் அதை மூடிவிடும். எந்த ஒயிட் பேலன்ஸும் இதை மீட்காது. மலிவான எல்இடி விளக்குகளிலும் அப்படித்தான்: பலவற்றில் ஆழ்சிவப்பு குறைவு, விளக்கில் இல்லாததைக் கேமரா எங்கிருந்து எடுக்கும்?

எது கேமராவின் பிழை, எது வெளிச்சத்தின் குறை என்று பிரித்தறிய ஒரு வெள்ளைத்தாள் போதும். அதை முகத்தருகே பிடித்துப் படமெடுங்கள். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ வந்தால் பிழை ஒயிட் பேலன்ஸில். போனின் புரோ மோடில் WB எண்ணை நகர்த்தி, தாள் வெள்ளையாகும் இடத்தில் நிறுத்தலாம். தாள் வெள்ளையான பிறகும் முடியின் நிறம் வரவில்லையென்றால் வெளிச்சத்தைத்தான் மாற்ற வேண்டும். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, வெயில் விழும் ஜன்னலோரம் போய் நின்று எடுங்கள்.