ஓலைப்பெட்டியை எந்த நாட்டுக்கு அனுப்புவது?

கைவினைப் பொருள் செய்யும் குழுக்களிடம் ஏற்றுமதி என்று பேச்செடுத்தால், முதலில் வரும் பெயர் அமெரிக்கா. அது இல்லையென்றால் சொந்தக்காரர் யாராவது வேலை பார்க்கும் நாடு: சிங்கப்பூர், துபாய், கனடா. முதலாவது, பெரிய நாடு என்பதால் வரும் ஆசை. இரண்டாவது, தெரிந்த ஆள் இருக்கிறார் என்பதால் வரும் தைரியம். நம் பொருளை அங்கே யார், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை.

ஒரே பொருளை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கங்களில் குருத்தோலையில் முடையும் மூடிபோட்ட பெட்டி. பெரியது, நடுத்தரம், சிறியது என ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பெட்டிகள் சேர்ந்தது ஒரு செட். ஒரு செட் முடைய ஒருவருக்கு ஒன்றரை நாள் ஆகிறது என்றும், பத்துப் பெண்கள் உள்ள குழு மாதத்துக்குச் சுமார் 150 செட் செய்யும் என்றும் வைத்துக்கொள்வோம். ஏற்றுமதிக்கு அடிப்படையான ஐ.இ.சி. எண்ணை, டி.ஜி.எஃப்.டி. இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கிவிட்டார்கள். அடுத்து எந்த நாடு?

இந்தக் கேள்விக்கு முன்னால் 150 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மாதம் 150 செட் செய்பவர்களுக்குப் பெரிய சந்தை தேவையே இல்லை. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வாங்கும் இரண்டு இறக்குமதியாளர்களோ, பத்துப் பதினைந்து கடைகளோ இருந்தால் போதும். ஆகவே எந்த நாடு அதிகமாகக் கூடை வாங்குகிறது என்று தேடுவதைவிட, நம்மைப் போன்ற சின்னக் குழுவிடம் வாங்கும் ஆட்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தேடுவதே சரி.

பட்டியலை எடுத்து, பாதியை வெட்டுவது

உலகச் சுங்கப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. ஓலை, புல் போன்ற தாவரப் பொருள்களில் பின்னிய கூடை, பெட்டி வகைகள் 460219 என்ற எண்ணில் வரும். மூங்கிலுக்கும் பிரம்புக்கும் தனித்தனி எண்கள். trademap.org தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு இந்த எண்ணைத் தட்டினால், எந்த நாடு எவ்வளவு இறக்குமதி செய்தது, யாரிடமிருந்து செய்தது என்று வரும். அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் மேலே இருக்கும். விற்கும் பக்கத்தில் சீனாவும் வியட்நாமும் முன்னால் நிற்கும்.

அந்தப் பட்டியலை வாசிக்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறக்கூடும். நெதர்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற துறைமுக நாடுகளின் இறக்குமதி பெரிதாகத் தெரியும். அதில் கணிசமான சரக்கு ராட்டர்டாமிலும் துபாயிலும் இறங்கி வேறு நாட்டுக்குப் போய்விடும். இன்னொன்று, மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பது. தொகையை எடையால் வகுத்து, ஒரு கிலோவுக்கு எந்த நாடு அதிக விலை கொடுக்கிறது என்று பாருங்கள். மலிவான கூடையை மலைபோல் இறக்கும் நாட்டைவிட, குறைவாக வாங்கினாலும் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் நாடு கைவேலைக்கு ஏற்றது.

இப்படி நான்கு நாடுகள் மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொண்டு, வரியையும் நுழைவு விதிகளையும் வைத்துச் சலிப்போம். வரி விகிதம் macmap.org தளத்தில் கிடைக்கும்.

அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கும் அதே மாதம் எல்லா நாடுகளுக்கும் நீங்கியது. வரி பின்னால் ஏறலாம், இறங்கலாம். போட்ட விலை சில மாதங்களில் செல்லாமல் போகிற நாடு, கையிருப்பு இல்லாத குழுவுக்கு முதல் சந்தையாக வேண்டாம்.

ஆஸ்திரேலியாவுடன் 2022 டிசம்பர் 29 முதல் வர்த்தக உடன்பாடு நடப்பில் உள்ளது. பிறப்பிடச் சான்றிதழோடு அனுப்பினால் வரிச்சலுகை கிடைக்கும். ஆனால் அந்நாட்டின் தாவரப் பாதுகாப்புச் சோதனை கடுமையானது. உயிருள்ள பூச்சி, விதை, மண் என்று ஏதாவது தென்பட்டால் மருந்தடிப்பு, திருப்பி அனுப்புதல், அழித்தல் ஆகியவற்றில் ஒன்று நடக்கும். செலவு நம் தலையிலோ வாங்கியவர் தலையிலோ விழும். ஓலைக்கு இது சின்ன ஆபத்தல்ல.

சிங்கப்பூரில் இதற்குச் சுங்க வரி இல்லை, 9 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும். சிக்கல் வேறு. அங்குள்ள தமிழர்கள் ஓலைப்பெட்டியை நவராத்திரிக்கும் கல்யாணத் தாம்பூலத்துக்கும் கேட்பார்கள். அது பருவத்துக்கு வரும் தேவை. அதோடு, ஊருக்கு வந்து போகிறவர்கள் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் விலையோடு நம் விலையை ஒப்பிடுவார்கள்.

ஜெர்மனியில் சுங்க வரி சில சதவீதம்தான். 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருள் பாதுகாப்பு விதி நடைமுறையில் இருப்பதால், நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்க அங்கே ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். இறக்குமதியாளருக்கு விற்றால் அந்தப் பொறுப்பு அவருடையது. அதோடு, வெல்ட்லாடன் என்று அழைக்கப்படும் நியாய வணிகக் கடைகள் அங்கே ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கில் உள்ளன. கைவினைப் பொருளைச் சின்னக் குழுக்களிடம் வாங்குவதே அவர்களுக்குச் சரக்கு தரும் நிறுவனங்களின் தொழில். நமக்கு வேண்டிய ஆட்கள் ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள் என்பதால், நம் உதாரணத்தில் ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம்.

அலமாரி விலையிலிருந்து பின்னோக்கி

நம்மில் பலர் அடக்கவிலையில் தொடங்கி லாபத்தைச் சேர்த்து விலை சொல்கிறோம். ஏற்றுமதியில் கணக்கை அந்த ஊர்க் கடையின் அலமாரியில் தொடங்கி இங்கே வர வேண்டும். கீழே உள்ள லாப விகிதங்களும் சரக்குச் செலவும் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. உங்கள் பொருளுக்கு விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைப்போம்.

இதுபோன்ற செட் ஜெர்மன் கடையில் 30 யூரோவுக்கு விற்கிறது என்றால், அதில் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடக்கம். அதைக் கழித்தால் சுமார் 25 யூரோ. கடைக்காரர் அதில் பாதி விலைக்குத்தான் வாங்கியிருப்பார்: 12.60. இறக்குமதியாளர் 40 சதவீதத்தைத் தன் செலவுக்கும் லாபத்துக்கும் எடுத்தால், சரக்கு அவர் கிடங்குக்கு வந்து சேரும் விலை 7.50. கப்பல், வரி, துறைமுகச் செலவுக்கு 2.50 போனால் மீதி 5 யூரோ, அதாவது 500 ரூபாய். அதில் பேக்கிங்குக்கும் துறைமுகம் வரை கொண்டுபோவதற்கும் 80 ரூபாய் போக, குழுவின் கையில் 420.

ஒன்றரை நாள் கூலி, நாளுக்கு 400 ரூபாய் வீதம் 600. ஓலை, சாயம் 60. ஆக அடக்கம் 660 ரூபாய். 30 யூரோ விலையில் ஆயிரம் செட்டுக்கு ஆர்டர் வந்தாலும் ஒவ்வொன்றிலும் 240 ரூபாய் நட்டம்.

அதே கணக்கை 50 யூரோவில் போட்டால் கையில் வருவது சுமார் 930 ரூபாய். 660 போக 270 மிஞ்சும். அதில் கழிவு, தாமதம், லாபம் எல்லாம் அடங்க வேண்டும். ஆக, ஜெர்மனியில் ஓலைப்பெட்டிக்குத் தேவை உண்டா என்ற கேள்வி, மூன்று பெட்டிக்கு 50 யூரோ கொடுப்பவர்கள் உண்டா என்று சுருங்கிவிடுகிறது.

மூன்று பெட்டி ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதற்கும் இந்தக் கணக்கில் பெரிய பங்கு உண்டு. விமானக் கூரியரில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடுவார்கள். பக்கத்துக்கு 40 செ.மீ. உள்ள கூடை ஒரு கிலோகூட இருக்காது, கட்டணமோ 12.8 கிலோவுக்கு. நம் செட்டின் வெளிப்பெட்டி 25, 20, 15 செ.மீ. என்றால் 1.5 கிலோதான்.

பாராட்டும் பணமும்

அடுத்தது, அந்த 50 யூரோவைச் சோதிப்பது. எட்சி, அமேசானின் ஜெர்மன் பக்கங்களில் Korb, Aufbewahrung, Palmblatt போன்ற ஜெர்மன் சொற்களைத் தட்டி, 45 முதல் 55 யூரோ வரையிலான பொருள்களை மட்டும் பாருங்கள். எத்தனை பேர் விற்கிறார்கள் என்பது முக்கியமல்ல. கடந்த மூன்று மாதத்தில் தேதியிட்ட விமர்சனங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். விற்பவர் நிறைய, புதிய விமர்சனம் இல்லை என்றால் அந்த விலையில் பொருள் தூங்குகிறது. ஒரு நட்சத்திர விமர்சனங்களைத் தவறாமல் படியுங்கள். வாடை அடிக்கிறது, படத்தில் பெரிதாகத் தெரிந்தது, சாயம் துணியில் ஒட்டியது, மூடி சரியாக உட்காரவில்லை என்று வாங்கியவர்களே நமக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

பிறகு நேரடிச் சோதனை. நம் வகைப் பொருளை ஏற்கெனவே விற்கும் முப்பது கடைகளுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் படம், அளவு, விலை, மாதத்துக்கு எத்தனை தர முடியும் என்று நான்கு வரியில் எழுதுங்கள். “அருமையான வேலைப்பாடு” என்று வரும் பதில் எந்தக் கணக்கிலும் சேராது. மாதிரிக்கும் அனுப்பும் செலவுக்கும் பணம் கேளுங்கள்; கொடுப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். உண்மையாக வாங்கப்போகிறவர் ஓர் அட்டைப்பெட்டியில் எத்தனை செட், சாயம் எது, எத்தனை வாரத்தில் தருவீர்கள், கிறிஸ்துமஸ் விற்பனைக்கு எப்போது கப்பலேற்ற வேண்டும் என்று கேட்பார். பொருளைப் பற்றி எதுவும் கேட்காமல் பத்தாயிரம் செட் வேண்டும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் கடிதம் மோசடி.

முதல் ஆர்டரை நூறு செட்டோடு நிறுத்துங்கள். பாதிப் பணத்தை முன்னதாக வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் சரியாகக் காயாத ஓலையை அடைத்து அனுப்பினால், கப்பலில் இருக்கும் வாரங்களிலேயே பூஞ்சை பிடிக்கும். அந்தப் பாடத்தை ஆயிரம் செட்டில் கற்றுக்கொள்ளக் கூடாது.

முதல் ஆர்டரும் முழுச் சான்று அல்ல. புதுமைக்காகவும் இரக்கத்துக்காகவும் ஒரு முறை வாங்குவார்கள். கடையில் விற்றுத் தீர்ந்து, அதே விலைக்கு இரண்டாவது ஆர்டர் வந்தால்தான் அங்கே தேவை இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸ் பருவம் முழுதாகப் போயும் அது வரவில்லையென்றால், விலையைக் குறைத்துப் பிடித்துத் தொங்காமல் பட்டியலில் அடுத்த நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.