மயக்கம் தெளியும்போது குழந்தை கதறுவது ஏன்? பெற்றோர் செய்ய வேண்டியவை

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும் சிறு குழந்தைகளுள் சிலர், கண் திறந்தவுடன் கட்டுக்கடங்காமல் கதறுகின்றனர். கை கால்களை உதைத்து, உடலை வில்லாக வளைத்து, தாய் தூக்கினாலும் தள்ளிவிடுகின்றனர். குழந்தைக்குத் தாங்க முடியாத வலியோ, சிகிச்சையில் ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டதோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பெரும்பாலான நேரங்களில் இதற்குக் காரணம், மயக்கம் தெளியும்போது ஏற்படும் தற்காலிகக் குழப்ப நிலையாகும்.

இது பெரும்பாலும் 2 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளிடம் காணப்படுகிறது. விழித்த முதல் அரை மணி நேரத்திற்குள் தொடங்கி, பொதுவாக 5 முதல் 15 நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். சில குழந்தைகளுக்கு அரை மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகவும் நீடிக்கலாம். நடந்தது எதுவும் குழந்தையின் நினைவில் பொதுவாக இருப்பதில்லை.

கண் திறந்திருக்கிறது, ஆனால் குழந்தை விழிக்கவில்லை

மயக்க மருந்து உடலை விட்டு நீங்கும்போது மூளையின் எல்லாச் செயல்களும் ஒரே நேரத்தில் மீள்வதில்லை. அழுகை, உதைத்தல், அச்சம் ஆகியவை முதலில் திரும்பிவிடுகின்றன. 'நான் எங்கே இருக்கிறேன், என்னைப் பிடித்திருப்பவர் யார்' என்று அறியும் ஆற்றல் சில நிமிடங்கள் கழித்தே திரும்புகிறது. இந்த இடைவெளியில் குழந்தை கண் திறந்திருந்தும் தாயை அடையாளம் காண்பதில்லை. தாயைத் தள்ளிவிடுவது கோபத்தாலோ வெறுப்பாலோ அன்று. நள்ளிரவில் உறக்கத்திலேயே எழுந்து அலறும் குழந்தையின் நிலையுடன் இதனை ஒப்பிடலாம்.

வலி மட்டுமே இதற்குக் காரணம் அன்று என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதற்காக மட்டும் மயக்கம் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடலில் எந்தக் காயமும் இல்லை. அவர்களுள்ளும் சிலர் இவ்வாறே கதறி எழுகின்றனர். முகமூடி வழியாகச் செலுத்தப்படும் செவோஃப்ளுரேன் போன்ற மயக்க வாயுக்களுக்குப் பிறகு இந்நிலை கூடுதலாகக் காணப்படுகிறது. இவை குழந்தையை விரைவாக உறங்கச் செய்து, விரைவாகவே தெளியவும் செய்கின்றன. குழந்தைகளுக்குப் பாதுகாப்பானவை என்பதால் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. காது, மூக்கு, தொண்டை மற்றும் கண் அறுவை சிகிச்சைகளுக்குப் பின்னும், மிகுந்த அச்சத்துடன் மயக்கத்திற்குச் சென்ற குழந்தைகளிடமும் இதற்கான வாய்ப்பு அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டு

நான்கு வயதுச் சிறுவனுக்குத் தொடை இடுக்கில் குடலிறக்க (ஹெர்னியா) அறுவை சிகிச்சை நடைபெறுகிறது எனக் கொள்வோம். அவன் மயங்கிய பின், முதுகின் கீழ்ப்பகுதியில் மரத்துப்போகும் ஊசி போடப்பட்டுள்ளது. ஆகவே காயம் உள்ள இடத்தில் சில மணி நேரத்திற்கு வலி இருக்காது. காலை 9.45 மணிக்குச் சிகிச்சை முடிந்து, மயக்கம் தெளியும் அறைக்கு உறங்கிய நிலையில் கொண்டுவரப்படுகிறான்.

10 மணிக்குத் திடீரென எழுந்து, "வேண்டாம், வேண்டாம்" என்று அலறுகிறான். செவிலியர் தாயை உள்ளே அழைக்கிறார். தாய் தூக்க முயன்றபோது அவரையும் தள்ளுகிறான். அவன் பார்வை அவர் முகத்தில் நிற்கவில்லை. கையிலுள்ள வென்ஃப்ளான் ஊசிக்குழாயை இழுக்க முயல்கிறான்.

செவிலியர் முதலில் விரலில் பொருத்திய பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பார்க்கிறார். ஆக்சிஜன் அளவு 99 சதவீதம். மூச்சு சீராக உள்ளது, உதடுகள் நீலம் பூக்கவில்லை, காயத்தின் கட்டில் இரத்தக் கசிவு இல்லை. மயக்கவியல் மருத்துவரும் வந்து பார்த்து, இது மயக்கம் தெளியும் குழப்பமே என்று உறுதி செய்கிறார். கட்டிலின் பக்கத் தடுப்புகள் உயர்த்தப்படுகின்றன. விளக்கொளி குறைக்கப்படுகிறது. ஊசி உள்ள கையைச் செவிலியர் மெதுவாகத் தாங்கிக்கொள்கிறார். தாய் மட்டும், வீட்டில் உறங்கவைக்கும்போது பேசும் அதே குரலில், "அம்மா இங்கேதான் இருக்கேன் கண்ணா" என்று விட்டுவிட்டுச் சொல்கிறார்.

10.12 மணிக்கு அலறல் விசும்பலாகக் குறைகிறது. சிறுவன் தாயின் முகத்தைப் பார்த்து, கைகளை நீட்டுகிறான். அந்தப் பார்வையே அவன் உண்மையில் விழித்துவிட்டான் என்பதன் அடையாளம். பின்னர் தாயின் மடியில் அரை மணி நேரம் உறங்கி, இயல்பாக எழுகிறான்.

அந்தச் சில நிமிடங்களில் செய்ய வேண்டியவை

எடுத்துக்காட்டில் கண்டதுபோல, முதற்பணி மருத்துவக் குழுவினருடையது. ஆக்சிஜன் குறைவு, மூச்சுத் தடை, இரத்தச் சர்க்கரைக் குறைவு, சிறுநீர் தேங்கிய வயிறு, குளிர் ஆகியவையும் குழந்தையை இவ்வாறு அலறச் செய்யலாம். இவை இல்லை என்று அவர்கள் உறுதி செய்யும்வரை 'இது மயக்கம்தான்' என்று முடிவு செய்யக்கூடாது. விரலில் உள்ள கருவியைக் குழந்தை உதறிவிட்டால், அதனை மீண்டும் பொருத்துவதற்கு உதவுங்கள்.

அதன்பின் பெற்றோரின் பணி, குழந்தை அடிபடாமல் காத்து, தூண்டுதல்களைக் குறைத்துக் காத்திருப்பதாகும். ஒருவர் மட்டும் அருகில் இருந்து, தாழ்ந்த குரலில், ஒரே சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வழக்கமான தாலாட்டும் பயன்படும். குழந்தை உங்களிடம் ஒட்டிக்கொண்டால் மடியில் வைத்து முதுகைத் தடவலாம். தள்ளினால் வற்புறுத்தி அணைக்காமல், விழுந்துவிடாதபடி கையை அரண்போல் வைத்திருந்தால் போதும். குழந்தையைத் தூக்கும் முன் செவிலியரிடம் கேளுங்கள், குழாய்கள் இழுபடக்கூடும்.

குழந்தையை உலுக்குவது, கன்னத்தில் தட்டுவது, "யார் வந்திருக்கிறார் பார்" என்று பலர் சூழ்ந்து அழைப்பது, கைப்பேசியில் காணொளி காட்டுவது ஆகியவை குழப்பத்தைக் கூட்டும். அதட்டுவதும் சமாதானம் பேசுவதும் பயன் தருவதில்லை. சொற்களைப் புரிந்துகொள்ளும் நிலையில் குழந்தை அப்போது இல்லை. அழுகையை நிறுத்த அவசரமாகத் தண்ணீரோ பாலோ புகட்ட வேண்டாம். முழுமையாகத் தெளியாத குழந்தைக்குப் புரையேறி, அது மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். செவிலியர் அனுமதித்த பின்னரே கொடுக்க வேண்டும்.

குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் இருந்தாலோ, கதறல் நீடித்தாலோ, மயக்கவியல் மருத்துவர் நரம்பு வழியே சிறிதளவு மருந்து செலுத்துவார். குழந்தை மீண்டும் சற்று உறங்கி, அமைதியாக எழும். இதனால் வீடு திரும்புவது சிறிது தாமதமாகலாம்.

வலியா, குழப்பமா?

இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் இந்த வேறுபாட்டை அறிவது பயனுள்ளது. வலியால் அழும் குழந்தை உங்கள் கண்ணைப் பார்க்கும். உங்களிடம் வர விரும்பும். வலிக்கும் இடத்தைத் தொடும் அல்லது அதனைத் தொடவிடாமல் காக்கும். தூக்கியதும் சிறிதேனும் ஆறுதல் அடையும். குழப்பத்தில் உள்ள குழந்தையின் பார்வை எவர் மீதும் நிலைப்பதில்லை. அதன் அசைவுகளில் நோக்கம் தெரிவதில்லை. எதனாலும் ஆறுதல் அடைவதில்லை. மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலும் இவ்வடையாளங்களையே மதிப்பிடுகிறது. உங்கள் குழந்தை உங்களை எப்படிப் பார்க்கும் என்பதை நீங்களே நன்கு அறிவீர்கள். எனவே "என்னைப் பார்க்கிறான், ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான்" என்பது போல நீங்கள் காண்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். வலிமருந்து தேவையா என்று முடிவு செய்ய அது உதவும்.

தூக்க மருந்துக்குப் பின்

படம் எடுத்தல், தையல் போடுதல் போன்றவற்றுக்கு முழு மயக்கமின்றி மிடசோலம் போன்ற தூக்க மருந்து கொடுக்கப்படுவதுண்டு. சில குழந்தைகளுக்கு இம்மருந்து எதிர்விளைவாக, உறக்கத்திற்குப் பதில் பரபரப்பையும் அழுகையையும் தரும். இது விழிக்கும்போது மட்டுமன்றி, மருந்து கொடுத்த சிறிது நேரத்திலேயே தோன்றலாம். இதற்கு மாற்றுமருந்து உண்டு. எனவே உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். எந்த மருந்துக்கு இவ்வாறு ஆயிற்று என்று மருத்துவக் குறிப்பேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்

முன்பு மயக்கம் கொடுத்தபோது குழந்தை இவ்வாறு கதறியிருந்தால், மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே கூறுங்கள். வாயுவுக்குப் பதில் நரம்பு வழி மயக்க மருந்தைத் தேர்வு செய்யவும், சிகிச்சையின் முடிவில் அமைதிப்படுத்தும் மருந்தைச் சேர்க்கவும் அவரால் இயலும். குழந்தை இல்லாமல் உறங்காத துணியோ பொம்மையோ இருந்தால் எடுத்து வாருங்கள். குழந்தை விழிக்கும்போது உங்களை உள்ளே அழைப்பார்களா என்றும், எங்குக் காத்திருக்க வேண்டும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடக் கூடாத நேரத்தைப் பற்றி மருத்துவமனை கூறும் அறிவுரையை அப்படியே பின்பற்றுங்கள்.

வீடு திரும்பிய பின்

அன்று உறக்கக் கலக்கம் மிஞ்சியிருக்கும். இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்ல வேண்டாம். ஆட்டோ அல்லது காரில் செல்லும்போது, உறங்கும் குழந்தையின் தலை முன்னே கவிழ்ந்து மூச்சு தடைபடாதவாறு பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சில குழந்தைகள் அடுத்த சில நாள்களுக்கு இரவில் பயந்து எழலாம், படுக்கையை நனைக்கலாம், தாயை விட்டு அகல மறுக்கலாம். இவை பெரும்பாலும் இரண்டு வாரங்களில் மறையும். அதற்காகக் கண்டிக்க வேண்டாம்.

குழந்தையை எழுப்ப முடியாமலிருந்தால், மூச்சில் இரைச்சல் அல்லது திணறல் இருந்தால், உதடு நீலமானால் உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள். தொடர் வாந்தி, காயத்தில் இரத்தக் கசிவு ஆகியவற்றுக்குத் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். முழுமையாகத் தெளிந்து இயல்பாக இருந்த குழந்தை, பல மணி நேரம் கழித்து உங்களை அடையாளம் காணாமல் கதறினால், அதனை மயக்க மருந்தின் விளைவு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. அதற்கு வேறு காரணம் இருக்கலாம். மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்.