முதலில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல்

பள்ளி ஆண்டு விழாவைப் பின்வரிசையில் நின்று போனில் எடுத்தவர்களுக்குத் தெரியும்: படம் பளிச்சென்று இருக்கும், பாட்டுதான் கேட்காது. மின்விசிறியின் இரைச்சலும் பக்கத்து நாற்காலிப் பேச்சும் பாட்டை மூடிவிடும். அதனால் என் மகள் படிக்கும் பள்ளியின் விழாவுக்கு ஒலியைத் தனியாகப் பதிவு செய்தோம். கூடத்தின் நடுவே, மேடையிலிருந்து 21 மீட்டர் தள்ளி, ஸ்டாண்டில் ஒரு போன். மேடையின் இடப்பக்கம், 4 மீட்டரில் இன்னொரு போன். மைக் செட்டின் ஸ்பீக்கருக்கு 2 மீட்டர் முன்னால் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி. மூன்றும் 90 நிமிடம் நிற்காமல் ஓடின. எடுப்பது எளிது. பிறகு இரண்டு படங்களையும் அந்த ஒலியோடு பொருத்துவதில்தான் வேலை இருக்கிறது.

பொருத்துவதற்கு மூன்று பதிவிலும் தெளிவாக விழுந்த ஒரு கணம் வேண்டும். சினிமாவில் கிளாப் பலகை தட்டுவது இதற்குத்தான். நாங்கள் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன், மேடை மைக்குக்கு முன்னால் ஓர் ஆசிரியையை நிற்கவைத்துத் தலைக்கு மேலே ஒரே ஒருமுறை பலமாகக் கைதட்டச் சொன்னோம். எடிட்டிங் மென்பொருளில் ஒலியை அலையாகப் பார்த்தால், அந்தத் தட்டு ஊசிபோல உயர்ந்து நிற்கும். படத்தில் இரு உள்ளங்கைகளும் ஒட்டும் ஃபிரேம் ஒன்று இருக்கும். நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் போனில் ஒரு ஃபிரேம் என்பது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. அந்த ஃபிரேமை ஒலிக்கருவியின் ஊசிக்கு நேராக வைத்தால் முதல் பொருத்தம் முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போனின் ஒலியை ஒலிக்கருவியின் ஒலியோடு பொருத்தச் சொல்லவில்லை, போனின் படத்தைப் பொருத்தச் சொல்கிறேன். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். 21 மீட்டரைக் கடக்க அதற்கு நொடியில் நூற்றில் 6 பங்கு ஆகும், அதாவது கிட்டத்தட்ட 2 ஃபிரேம். நடு போனின் வீடியோவைத் தனியாகத் திறந்தாலே இது கண்ணுக்குத் தெரியும்: கைகள் ஒட்டிய பிறகு 2 ஃபிரேம் கழித்துத்தான் அதே போனின் ஒலியில் ஊசி எழும்பும். அந்த ஊசியை ஒலிக்கருவியின் ஊசியோடு பொருத்தினால் படம் 2 ஃபிரேம் முந்திக்கொள்ளும். சலங்கைக் கால் தரையைத் தொட்ட பிறகு சத்தம் வரும். மேடைக்கு அருகில் இருந்த போனில் இந்த வித்தியாசம் அரை ஃபிரேம்கூட இல்லை. அதை எப்படிப் பொருத்தினாலும் சரிதான்.

மென்பொருளே ஒலியை ஒப்பிட்டுப் பொருத்தும் வசதியும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் Kdenlive மென்பொருளில் ஒலிக்கருவியின் பதிவை `Set Audio Reference` என்று குறித்துவிட்டு, வீடியோவுக்கு `Align Audio to Reference` கொடுத்தால் போதும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அது பார்ப்பது ஒலியை மட்டுமே என்பதால், நடு போனைப் பிறகு நாமே 2 ஃபிரேம் பின்னுக்குத் தள்ள வேண்டும். இன்னொரு சிக்கல், ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும் கும்மியிலும் கோலாட்டத்திலும் ஒரு தட்டு முன்னோ பின்னோ பொருத்திவிடக்கூடும். பொருத்தியதும் இரு ஒலிகளையும் சேர்த்து ஓடவிட்டு, ஒருமுறை மட்டுமே வந்த ஒரு சத்தத்தைத் தேடிக் கேளுங்கள். மைக்கைத் தட்டிப் பார்த்தது, நாற்காலி விழுந்தது, எதுவானாலும் சரி. அது இரண்டு முறை கேட்டால் பொருத்தம் தவறு.

இவ்வளவும் செய்து முதல் நடனத்தைப் பார்த்தபோது அச்சாகப் பொருந்தியிருந்தது. கடைசி நாடகத்தில் பிள்ளைகளின் வாயசைவும் வசனமும் ஒட்டவில்லை. நல்லவேளையாக, முடிவிலும் ஒரு கைதட்டல் வாங்கி வைத்திருந்தோம். அந்த இடத்தில் அளந்தபோது நடு போனின் படம் ஒலியிலிருந்து 6 ஃபிரேம், அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு விலகியிருந்தது.

இது யாருடைய தவறும் அல்ல. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. இரண்டு கைக்கடிகாரங்கள் நாளடைவில் விலகுவதுபோல இரண்டு கருவிகளின் நொடிகளும் சற்றே வேறுபடும். 90 நிமிடம் என்பது 5,400 நொடி. அதில் 0.2 நொடி விலகல் என்றால் பத்து லட்சத்தில் 37 பங்குதான். இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு பாட்டில் தெரியாது, முழு விழாவில் சேர்ந்துவிடுகிறது.

ஒலியை அந்த அளவுக்கு இழுத்து நீட்டலாம்தான். ஆனால் வேகத்தை இவ்வளவு நுட்பமாக மாற்றப் பல மென்பொருள்களில் இடமில்லை. நான் செய்தது வேறு. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி நடுவே பார்வையாளர்கள் கைதட்டும் இடத்தில் வீடியோவை வெட்டி, அடுத்த துண்டை மறுபடி பொருத்தினேன். 6 நிமிட நடனத்துக்குள் விலகல் அரை ஃபிரேமைத் தொடாது. 15 துண்டுகளாக வெட்டிப் பொருத்த ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. இழுத்து நீட்டுவதைவிட இதுவே நல்ல வழி என்பது என் முடிவு.

மேடைப் பக்கத்துப் போனின் கோளாறு வேறு மாதிரி. பாதியில் அது ஒரு நொடிக்கும் மேல் விலகியது, அதுவும் சீராக இல்லை. படிகத்தின் பிழை இப்படிக் காட்டாது. அது சிறிதாக, ஒரே போக்கில் வளரும். இங்கே காரணம் விளக்கு. நிகழ்ச்சிகளுக்கு நடுவே மேடை விளக்கை அணைத்தபோது, இருட்டில் வெளிச்சம் சேர்க்க அந்தப் போன் ஃபிரேம்களைக் குறைத்துக்கொண்டது. பல போன்கள் இப்படி ஃபிரேம் எண்ணிக்கையை மாற்றி மாற்றித்தான் எடுக்கின்றன. சில எடிட்டிங் மென்பொருள்களோ எல்லா ஃபிரேமும் ஒரே இடைவெளியில் வருவதாக எடுத்துக்கொண்டு குழம்புகின்றன. கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. அந்த வீடியோவின் படமும் அதன் சொந்த ஒலியும் போனில் பார்த்தால் ஒட்டியிருந்து, எடிட்டிங்கில் மட்டும் விலகினால் இதுதான் கோளாறு. எடிட்டிங்கைத் தொடங்கும் முன்பே HandBrake என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் எண்ணிக்கையை 30 என்றும், அதன் கீழே `Constant Framerate` என்றும் தேர்ந்து ஒருமுறை மாற்றி எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

ஒரே இடத்தில் திடீரென்று தாவியிருந்தால், பதிவு நடுவில் நின்றிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அழைப்பு ஏதாவது வந்திருக்கும். போன்களை ஃபிளைட் மோடில் போடாமல் தொடங்காதீர்கள். வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கவும் வேண்டாம், அது தரத்தைக் குறைத்துவிடும். கேபிள் வழியே நகலெடுங்கள்.

விழா முடிந்து நாட்டுப்பண் பாடியதும், நாற்காலி மடிக்கவும் பிள்ளைகளைத் தேடவும் எல்லோரும் கலைவார்கள். மைக் செட் அண்ணன் வயரைக் கழற்ற மேடைக்கு வருவார். "அண்ணே, ஒரு நிமிஷம், இன்னும் ஒரு தட்டு இருக்கு" என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மேடை விளக்கு எரியும்போதே அந்த இரண்டாவது கைதட்டலை வாங்கிவிட்டு, அதன் பிறகு மூன்று கருவிகளையும் நிறுத்துங்கள்.