கட்டுமானக் கால வட்டி: மார்ச் 31-இல் முடியும் கணக்கு

2020 ஜூனில் கடன் வாங்கி, 2023 நவம்பரில் வீட்டைக் கட்டி முடித்தீர்கள் என்று வையுங்கள். நவம்பர் வரை கட்டிய வட்டி முழுவதையும் கட்டுமானக் கால வட்டியாகக் காட்டுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வருமான வரிச் சட்டப்படி அந்தக் காலம் 2023 மார்ச் 31-உடன் முடிந்துவிடும். அதுவரையான வட்டி 4,50,000 ரூபாய் என்றால், 2023-24 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 90,000 கழிக்கலாம். ஏப்ரல் முதலான வட்டி அந்த ஆண்டுக் கணக்கில் தனியே சேரும். சொந்தக் குடியிருப்புக்கு, பழைய வரி முறையில், இரண்டும் சேர்த்து 2 லட்சம்தான் வரம்பு.

நோட்டீஸ் வந்தால் நடப்பாண்டு வட்டிச் சான்றிதழை மட்டும் அனுப்பாதீர்கள். 2020-21 முதல் மூன்று ஆண்டுகளுக்கும் அசலையும் வட்டியையும் பிரித்துக் காட்டும் சான்றிதழை வங்கியில் வாங்குங்கள். வீட்டின் பணி நிறைவுச் சான்றிதழோடு, இது எத்தனையாவது தவணை என்ற கணக்கையும் இணையுங்கள்.