பத்து நிமிட லாபம் நிஜமா?

சென்னை கிண்டியிலிருந்து புதுச்சேரிக்குப் பார்சல் வேன் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டிப் போவது. இன்னொன்று, மாமல்லபுரம், மரக்காணம் என்று கடற்கரையை ஒட்டியே போகும் ஈ.சி.ஆர். எது சீக்கிரம் என்று கேட்டால் டிரைவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஆளுக்கொரு அனுபவம், ஆளுக்கொரு நினைவு.

ஒரு கூரியர் அலுவலகம் இந்தச் சண்டையைக் கடிகாரத்தை வைத்துத் தீர்க்க முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வேலை நாள்கள். அதே வேன், அதே டிரைவர், காலை 6 மணிக்குப் புறப்பாடு. ஒரு டப்பாவில் பத்துத் துண்டுச் சீட்டுகள், ஐந்தில் ‘ஈ.சி.ஆர்.’, ஐந்தில் ‘திண்டிவனம்’. தினமும் காலையில் ஒரு சீட்டை எடுத்து, வந்த வழியில் வண்டியை விடுகிறார்கள். எடுத்த சீட்டு திரும்ப டப்பாவுக்குள் போகாது.

ஈ.சி.ஆரில் பிடித்த நேரம்: 174, 178, 181, 185, 192 நிமிடங்கள். சராசரி 182. திண்டிவனம் வழியில்: 183, 188, 193, 195, 201. சராசரி 192. (எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. கணக்கு நிஜம், பேப்பரும் பேனாவும் இருந்தால் யாரும் போட்டுப் பார்க்கலாம்.)

பத்து நிமிட லாபம். நாளையிலிருந்து எல்லா வண்டியும் ஈ.சி.ஆர்.தான் என்று முதலாளி உத்தரவு போட்டுவிடலாம். ஆனால் அந்த எண்களை இன்னொரு முறை பார்த்தால் கொஞ்சம் தயக்கம் வரும். ஈ.சி.ஆருக்குள்ளேயே நல்ல நாளுக்கும் மோசமான நாளுக்கும் 18 நிமிட வித்தியாசம் இருக்கிறது. அதன் மோசமான நாளான 192, திண்டிவனம் வழியின் இரண்டு நாள்களைவிட மெதுவானது. ஒரு நாள் சிக்னல், ஒரு நாள் மழை, ஒரு நாள் டீக்கடை. வழிக்குச் சம்பந்தமே இல்லாத இந்த ஏற்ற இறக்கமே அந்தப் பத்து நிமிடத்தைக் கொண்டுவந்திருந்தால்?

புள்ளியியல் இந்தச் சந்தேகத்தையே வாதத்தின் தொடக்கமாக வைத்துக்கொள்கிறது. இரண்டு வழிக்கும் நேரத்தில் எந்த வித்தியாசமும் இல்லை என்று முதலில் ஒத்துக்கொள்வோம். இதற்குப் பெயர் இன்மைக் கருதுகோள். அது சரியென்றால், முதல் நாள் எந்தச் சீட்டு வந்திருந்தாலும் வேன் அதே நேரத்தில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். பத்து எண்களும் அப்படியே இருக்கும். எந்த ஐந்தின் மேல் ‘ஈ.சி.ஆர்.’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பது மட்டும் குலுக்கல் செய்த வேலை.

பத்தில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 252 விதம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சராசரிகளைக் கணக்கிட்டு, எத்தனை விதங்களில் பத்து நிமிடமோ அதற்கு மேலோ வித்தியாசம் வருகிறது என்று எண்ணினால் போதும். நிஜத்தில் ஈ.சி.ஆரின் ஐந்து நாள் மொத்தம் 910 நிமிடம். 910-க்கு மேல் போகாத ஐந்தெண் கூட்டங்கள் மொத்தம் 7. அந்த ஏழிலுமே 174-ம் 178-ம் இருக்கின்றன. அந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் மொத்தம் 910-ஐத் தாண்டிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, ஈ.சி.ஆர். பத்து நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கும் கூட்டங்களும் 7. ஆக 252-இல் 14. வகுத்தால் 0.056.

இதுதான் பி-மதிப்பு. வழிகளுக்குள் வித்தியாசமே இல்லாதபோதும், வெறும் குலுக்கலால் இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய இடைவெளி தோன்ற நூற்றுக்கு ஐந்தரை வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. “அப்படியானால் ஈ.சி.ஆர். வேகமானது என்பதற்கு 94 சதவீத வாய்ப்பு” என்று திருப்பிப் போடுவதுதான் மிகப் பரவலான தவறு, படித்தவர்களும் செய்வது. வித்தியாசம் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, வித்தியாசம் இல்லாமலிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எப்படிச் சொல்லும்? அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் தனி அறிக்கை வெளியிட்டு இதைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

சரி, 0.056 போதுமா, போதாதா? ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், ஆராய்ச்சியாளர்களுக்காக 1925-இல் எழுதிய நூலில், இருபதில் ஒன்று, அதாவது 0.05, வசதியான எல்லை என்றார். வசதி என்ற அளவில்தான் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதைச் சுவராக்கிவிட்டார்கள். 0.049 வந்தால் கண்டுபிடிப்பு, 0.056 வந்தால் குப்பை. இரண்டுக்கும் சான்றின் பலத்தில் பெரிய வேறுபாடு கிடையாது.

இந்தச் சுவருக்கு ஒரு படி வெளியே நிற்பவருக்கு ஒரு சபலம் வரும். ஈ.சி.ஆர். பின்தங்கும் ஏழை எதற்குச் சேர்க்க வேண்டும்? நம் கேள்வி ஈ.சி.ஆர். வேகமா என்பது மட்டும்தானே? அப்படியானால் 252-இல் 7, பி-மதிப்பு 0.028. எல்லைக்குள் வந்துவிட்டது! முதல் சீட்டை எடுப்பதற்கு முன்பே கேள்வியை அப்படி எழுதி வைத்திருந்தால் இதில் தவறில்லை. எண்களைப் பார்த்த பிறகு கேள்வியை வெட்டித் தைப்பது ஏமாற்று. திண்டிவனம் முந்தியிருந்தால் இதே ஆள் அந்தப் பக்கத்து ஏழை மட்டும் எண்ணியிருப்பார்.

கணினியில் வழக்கமாகப் போடும் டி-சோதனையும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காஸெட், 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் இதற்கு அடித்தளம் போட்டார். பத்து நிமிட இடைவெளியை, அன்றாட ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்கிட்ட திட்டப்பிழையான 4.35 நிமிடத்தால் வகுத்தால் 2.3, அதற்கான பி-மதிப்பு 0.05-க்கு மயிரிழை மேலே. இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. 95 சதவீத நம்பக இடைவெளி, ஏறத்தாழ 0 நிமிடத்திலிருந்து 20 நிமிடம் வரை. கூரியர் முதலாளிக்கு பி-மதிப்பைவிட உபயோகமானது இதுதான். லாபம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், 20 நிமிடமாகவும் இருக்கலாம்; ஐந்தைந்து நாள் சோதனையால் இதற்கு மேல் பிரித்துச் சொல்ல முடியாது.

எனவே இன்னும் நாள்கள் வேண்டும். எத்தனை? உண்மையில் 5 நிமிட லாபம் இருந்து, அதை ஐந்தில் நான்கு முறையாவது தவறவிடாமல் பிடிக்க வேண்டுமென்றால், இந்த அளவு ஏற்ற இறக்கத்துக்கு ஒவ்வொரு வழியிலும் முப்பது நாளுக்குச் சற்று மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். தினமும் மாலையில் கணக்குப் போட்டு, 0.05-க்குக் கீழே வந்த அன்றே நிறுத்திக்கொள்வதும் கூடாது. சேரும் தரவை இடையிடையே பத்து முறை இப்படிப் பார்த்தால், வித்தியாசமே இல்லாதபோதும் எப்போதாவது ஒருமுறை எல்லைக்குள் விழும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து சுமார் 19 சதவீதமாக ஏறிவிடும்.

சீட்டுக் குலுக்கலையும் விடக்கூடாது. சனிக்கிழமைகளில் மாமல்லபுரம், புதுச்சேரி போகும் சுற்றுலா வண்டிகள் ஈ.சி.ஆரில் நிறையும். டிரைவரே வழியைத் தேர்ந்தெடுத்தால், கூட்டமில்லாத நாளில் மட்டும் ஈ.சி.ஆரில் போவார், அப்போது முந்நூறு நாள் தரவும் வழியை அல்ல, அவருடைய தேர்வைத்தான் அளந்திருக்கும். எந்த பி-மதிப்பும் அதைக் காட்டிக்கொடுக்காது.

இந்தப் பத்து நாளை வைத்து ஒரு தீர்ப்பு சொல்லியே ஆகவேண்டுமென்றால்: ஈ.சி.ஆர். பக்கம் சாய்வு தெரிகிறது, நிரூபணமாகவில்லை. இரண்டு வழிக்கும் டீசலும் சுங்கமும் ஏறத்தாழ ஒரே செலவு என்றால் ஈ.சி.ஆரிலேயே போகலாம். வாடிக்கையாளருக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கொண்டுவருவோம் என்று விளம்பரம் மட்டும் இப்போது வேண்டாம்.