ஆட்குறைப்பும் தண்டனைப் பணிநீக்கமும்

ஆட்குறைப்பு என்பது, தொழிலாளியின் மீது குற்றம் எதுவும் இல்லாத நிலையில் முதலாளி அவரது வேலையை முடித்துவைப்பதாகும். தண்டனைப் பணிநீக்கம் என்பது, ஒழுங்கீனம் விசாரணையில் நிறுவப்பட்டபின் அதற்குத் தண்டனையாக வேலையிலிருந்து நீக்குவதாகும். நிறுவனக் கடிதங்களில் முதலாவது ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’ என்றும் இரண்டாவது ‘டிஸ்மிஸல்’ என்றும் வரும். இரண்டையும் பொதுவாக ‘டெர்மினேஷன்’ என்று எழுதிவிடும் வழக்கமும் உண்டு. தமிழ் நாளிதழ்கள் இரண்டுக்கும் ‘பணிநீக்கம்’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் படிப்பவருக்குக் குழப்பம் இன்னும் கூடுகிறது. வேலை போவது இரண்டிலும் ஒன்றுதான். கைக்கு வரும் தொகையோ பெரிதும் வேறுபடும்.

இக்கட்டுரை இந்தியத் தொழிலாளர் சட்டத்தின்படி இவ்விரண்டையும் விளக்குகிறது.

சட்டம் சொல்லும் பொருள்

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஆட்குறைப்பு இழப்பீடு பற்றிய பகுதி 1953இல் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 உள்ளது. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆட்குறைப்புக்கான வரையறையின் மையப் பகுதி இரண்டிலும் ஒன்றே. ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக இல்லாமல், வேறு எந்தக் காரணத்திற்காக ஒரு தொழிலாளியின் வேலையை முதலாளி முடித்தாலும் அது ஆட்குறைப்பு ஆகும். தானாக விரும்பிப் பெறும் ஓய்வு, வயது முதிர்ந்து பெறும் ஓய்வு, குறித்த கால ஒப்பந்தம் முடிவடைதல் போன்ற சில மட்டுமே விலக்கு.

‘வேறு எந்தக் காரணத்திற்காக’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். ஆட்குறைப்பு என்றதும் ஆர்டர் குறைந்தது, புதிய இயந்திரம் வந்தது, ஆள் மிகுதியாகிவிட்டது என்ற காரணங்களே நினைவுக்கு வரும். சட்டத்தின் வலை அதைவிட அகலமானது. 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஆள் மிகுதி என்ற காரணம் இருந்தால்தான் ஆட்குறைப்பு என்ற குறுகிய பொருளை ஏற்கவில்லை. அதற்கு முன்பே 1977இல், டெல்லி கிளாத் மில் வழக்கில், ஒரு தொழிலாளியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவதும் ஆட்குறைப்பே என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது.

ஆகவே கடிதத்தின் தலைப்பில் என்ன சொல் இருக்கிறது என்பது முடிவான விடை அல்ல. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதற்கான விளக்கம், உள்விசாரணை, விசாரணை அறிக்கை ஆகியவை நடந்து, அதன் முடிவாக நீக்கம் வந்ததா என்பதே கேள்வி. அவை நடந்திருந்தால் அது தண்டனை. அவை எதுவுமின்றி ‘உங்கள் சேவை இனித் தேவையில்லை’ என்ற கடிதம் வந்தால், அதற்கு நிறுவனம் எந்தப் பெயர் இட்டாலும் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் ஆட்குறைப்பே.

ஆட்குறைப்பில் என்ன கிடைக்கும்?

ஓராண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்திருப்பது முதல் நிபந்தனை. முந்தைய 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஓராண்டாகக் கொள்ளப்படும். சுரங்கத்தில் நிலத்துக்கு அடியில் வேலை செய்பவருக்கு 190 நாள் போதும்.

அத்தகையவருக்குக் காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்து முன்னறிவிப்பு தரவேண்டும். தராவிட்டால் ஒரு மாதச் சம்பளம் தரவேண்டும். அத்துடன் ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாக உண்டு. கடைசியில் மிஞ்சும் மாதங்கள் ஆறைத் தாண்டினால் அதுவும் ஒரு முழு ஆண்டாகக் கணக்கிடப்படும்.

இந்த இழப்பீட்டை ஆட்குறைப்பு நிகழும்போதே கொடுத்துவிட வேண்டும். ‘அடுத்த மாதம் அலுவலகம் வந்து வாங்கிக்கொள்ளவும்’ என்பது செல்லாது. பணம் கொடுப்பது ஆட்குறைப்புக்கு முன்நிபந்தனை என்பதை உச்ச நீதிமன்றம் 1960இல் பம்பாய் மருத்துவமனைத் தொழிலாளர் வழக்கில் உறுதிப்படுத்தியது. நிபந்தனை நிறைவேறாவிட்டால் ஆட்குறைப்பே செல்லாததாகிவிடும். ஆனால் அப்படிச் செல்லாது என்று ஆனபிறகும் எல்லோருக்கும் வேலை திரும்பக் கிடைத்துவிடுவதில்லை. குறிப்பாகத் தினக்கூலியாக இருந்தவர்களுக்கு, வேலைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை தரும்படி ஆணையிடும் போக்கு நீதிமன்றங்களில் வளர்ந்துள்ளது.

புதிய தொகுப்புச் சட்டம் ஒரு தொகையைக் கூடுதலாகச் சேர்த்துள்ளது. ஆட்குறைப்புக்கு உள்ளானவர் வேறு தொழில் கற்பதற்காக, அவரது கடைசிச் சம்பளத்தில் 15 நாள் தொகையை முதலாளி ஒரு நிதியில் செலுத்த வேண்டும். அது தொழிலாளியின் கணக்குக்கு வந்து சேரும். தண்டனையாக நீக்கப்பட்டவருக்கு இது கிடையாது.

ஒரு கணக்கு

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 2017 ஜூன் 1 அன்று சேர்ந்தார். 2025 டிசம்பர் 31 அன்று வேலை முடிந்தது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 18,200 ரூபாய். வேறு படி எதுவும் இல்லை. சேவை 8 ஆண்டு 7 மாதம். ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டதால் 9 ஆண்டு. எடுக்காத சம்பள விடுப்பு 20 நாள் இருக்கிறது.

அவருக்கு வந்தது ஆட்குறைப்புக் கடிதம் என்று வைத்துக்கொண்டால், முன்னறிவிப்புக்குப் பதிலான சம்பளம் 18,200 ரூபாய். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 15 நாள் என்பது மாதச் சம்பளத்தில் பாதி, அதாவது 9,100 ரூபாய். அதை ஒன்பதால் பெருக்க 81,900 ரூபாய்.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, இதிலிருந்து தனியானது. அதற்கும் ஆண்டுக்கு 15 நாள்தான். ஆனால் அங்கே மாதத்தை 26 நாளாகக் கொள்ள வேண்டும். 18,200ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 700, பதினைந்து நாளுக்கு 10,500, ஒன்பது ஆண்டுக்கு 94,500 ரூபாய். இரண்டிலும் ‘15 நாள்’ என்று வருவதால், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதையும் கொடுத்ததாகக் கணக்கு முடிக்கும் தவறு நடக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு தொகைகள். இரண்டும் சேர்த்தே வரவேண்டும்.

விடுப்புக்கான தொகை 20 நாளுக்கு 14,000 ரூபாய். ஆக, டிசம்பர் மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் மறுபயிற்சித் தொகையும் நீங்கலாக 2,08,600 ரூபாய்.

அதே மனிதர் தண்டனையாக நீக்கப்பட்டால்?

முன்னறிவிப்புச் சம்பளமான 18,200 ரூபாயும் இழப்பீடான 81,900 ரூபாயும் கிடையாது. ஒரு லட்சத்து நூறு ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. ஆனால் ‘டிஸ்மிஸ் செய்தால் ஒன்றும் கிடைக்காது’ என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. வேலை செய்த நாட்களின் சம்பளத்தை எந்தக் குற்றமும் அழித்துவிடாது. வேலை முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் அதைத் தந்தாக வேண்டும். சேர்ந்திருக்கும் விடுப்புக்கான 14,000 ரூபாயும் அப்படியே. வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்திருக்கும் தொகையை, முதலாளியின் பங்கு உட்பட, நிறுவனம் பிடித்துவைக்க முடியாது.

சிக்கல் பணிக்கொடையில்தான். நீக்கப்பட்டார் என்பதற்காக மட்டும் அதை மறுக்க இயலாது. சட்டம் குறிப்பிட்ட சில நிலைகளில் மட்டுமே அதை அனுமதிக்கிறது. இங்கு எந்தக் குற்றச்சாட்டு நிறுவப்பட்டது என்பதே தொகையைத் தீர்மானிக்கிறது.

லேத் தொழிலாளி நீண்ட நாள் விடுப்புச் சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்பது குற்றச்சாட்டு என்றால், நீக்கம் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் பணிக்கொடை 94,500 ரூபாய் முழுவதும் அவருக்கு உரியது. அவரது அலட்சியத்தால் இயந்திரம் பழுதாகி 30,000 ரூபாய் நட்டம் என்று நிறுவப்பட்டால், அந்த நட்டத்தின் அளவுக்கு மட்டும் பிடிக்கலாம். மீதி 64,500 ரூபாய் தரவேண்டும். தொழிற்சாலையில் கலகம் செய்தார், அடிதடியில் இறங்கினார் என்றோ, வேலையின்போது திருட்டு போன்ற ஒழுக்கக்கேடான குற்றம் செய்தார் என்றோ நீக்கப்பட்டால், பணிக்கொடையை ஒரு பகுதியாகவோ முழுவதுமாகவோ மறுக்கலாம்.

ஒழுக்கக்கேடான குற்றம் என்றால் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருக்க வேண்டுமா என்பது நீண்டகால விவாதம். 2018இல் யூனியன் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் கருத்து தொழிலாளிக்குச் சாதகமாக இருந்தது. 2025 பிப்ரவரியில் வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம், சட்டத்தில் அத்தகைய நிபந்தனை இல்லை, உள்விசாரணையில் நிறுவப்பட்டாலே போதும் என்று கூறிவிட்டது. பழைய தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு வழக்காடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

போனஸிலும் இதே போன்ற ஒரு தடை உண்டு. மோசடி, திருட்டு, வன்முறை, நாசவேலை ஆகியவற்றுக்காக நீக்கப்பட்டவர் போனஸ் உரிமையை இழப்பார்.

கடிதத்தை எப்படிப் படிப்பது?

தலைப்பைவிடக் காரணத்தைச் சொல்லும் வாக்கியம் முக்கியம். விசாரணை அறிக்கையின் தேதியும், நிறுவப்பட்ட குற்றச்சாட்டும் அங்கே இருந்தால் அது தண்டனைக் கடிதம். காரணம் நிர்வாகம் சார்ந்ததாக இருந்து, தொகைகளின் விவரமும் இருந்தால் ஆட்குறைப்பு.

தொல்லை தருவது மூன்றாவது வகை. ‘உங்கள் நடத்தை திருப்தியளிக்கவில்லை, எனவே உடனடியாக விடுவிக்கப்படுகிறீர்கள்’ என்று ஒரே வரியில் பழியும் சுமத்தி, விசாரணையும் நடத்தாமல், இழப்பீடும் தராமல் அனுப்பப்படும் கடிதம் இது. இது தண்டனை என்றால் விசாரணை எங்கே என்ற கேள்வி எழும். தண்டனை அல்ல என்றால் இழப்பீடு எங்கே என்ற கேள்வி எழும். இரண்டில் ஒன்றுக்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். இத்தகைய கடிதத்தோடு, ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்பதும் வழக்கம். எந்தத் தொகை எதற்காக என்று பிரித்து எழுதாத ரசீதில் கையெழுத்திட்டால், பின்னர் அந்தத் தாளே எதிர்த்தரப்பின் சான்றாக நிற்கும். வாங்கித்தான் ஆகவேண்டிய நிலையில், ‘எனது உரிமைகளுக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுவோர் உண்டு.

இவையெல்லாம் சட்டம் ‘தொழிலாளி’ என்று சொல்பவர்களுக்கே பொருந்தும். மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு முன்னறிவிப்பும் அதற்கான சம்பளமும் நியமன ஒப்பந்தத்தைப் பொறுத்தவை. பணிக்கொடை மட்டும் அவர்களுக்கும் இதே விதிப்படி உண்டு. மேலே கண்ட லேத் தொழிலாளியின் சம்பளம் 18,200 ரூபாய் ஆயிற்றே என்ற ஐயம் எழலாம். அவர் கையால் வேலை செய்பவர். அந்த வரம்பு மேற்பார்வையாளருக்கு மட்டுமே உரியது.

கடிதத்தை ஏற்காதவர் முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 45 நாள் கடந்தும் தீராவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அப்படிப் போவதற்கு வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பழைய சட்டத்தில் இது மூன்று ஆண்டாக இருந்தது.