காணாமற்போன ஆட்டுக்குட்டியைத் தேட வீட்டு நாயைப் பழக்கலாம்

திண்டுக்கல், வேடசந்தூர், வடமதுரை பகுதிகளில் மானாவாரிச் சாகுபடியுடன் ஐந்து, பத்து ஆடுகள் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர். மாலையில் பட்டி அடைக்கும்போது ஒரு குட்டி குறைந்தால் வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் தேடுவார்கள். வேலிக்கருவைப் புதரிலோ சோளக்காட்டிலோ அயர்ந்து படுத்துவிட்ட இளங்குட்டி, கூப்பிட்டாலும் குரல் கொடுப்பதில்லை. விடிவதற்குள் நரியோ தெருநாயோ அதை முடித்துவிடும். தேடக்கூடிய மூக்கை உடைய வீட்டு நாயோ அன்று கட்டுத்தறியிலேயே கிடக்கும். நாயின் மூக்கும் கண்ணும் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால், விளையாட்டாகவே அதைத் தேடப் பழக்கிவிடலாம்.

மூக்கு வேலை செய்யும் விதம்

வாசனையை அறியும் நுண்ணிய செல்கள் மனிதன் மூக்கில் சுமார் 50 லட்சம் உள்ளன. நாயின் மூக்கிலோ 20 கோடிக்கு மேல் உள்ளன. எண்ணிக்கையைவிட மூக்கின் அமைப்பே முக்கியம். நாய் உள்ளிழுக்கும் காற்று மூக்கினுள் இரண்டு வழியாகப் பிரிகிறது. பெரும்பங்கு நுரையீரலுக்குச் செல்ல, சுமார் எட்டில் ஒரு பங்கு மட்டும் மூக்கின் பின்புறமுள்ள மணமறியும் அறைக்குச் சென்று தங்குகிறது. வெளிவிடும் மூச்சு, மூக்கு நுனியின் இரு பக்கத்துப் பிளவுகள் வழியே பின்னோக்கிப் போய்விடுவதால், எதிரே உள்ள வாசனை கலைவதில்லை. மோப்பம் பிடிக்கும் நாய் வினாடிக்கு சுமார் ஐந்து முறை இவ்வாறு காற்றை இழுத்து விடுகிறது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. நாய்க்கு உடற்சூடு தணிவது பெரும்பாலும் வாய் வழியாகத்தான். வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் நன்றாக மோப்பம் பிடிக்க முடியாது. ஆகவே உச்சி வெயிலில் பழக்கினால் நாயும் களைத்துப் போகும், பாடமும் ஏறாது. காலை எட்டு மணிக்கு முன்பும், மாலை வெயில் தாழ்ந்த பின்பும் ஏற்ற வேளைகள்.

கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது?

நாய்க்கு மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரித்தறிய முடியாது. பசும்புல்லில் சிவப்புப் பந்தைப் போட்டால் நம் கண்ணில் அது பளிச்சென்று படும். நாய்க்குப் புல்லோடு புல்லாக மறைந்துவிடும். கண்ணின் கூர்மையும் நம்மைவிடக் குறைவுதான். நமக்கு 75 அடி தூரத்தில் தெரியும் ஒரு பொருளின் விவரம் நாய்க்கு 20 அடியில்தான் தெரியும். மூக்குக்கு நேர் கீழே ஒரு முழத்துக்குள் உள்ள பொருளும் அதற்கு மங்கலாகவே இருக்கும்.

ஆனால் அசைவைக் காண்பதில் நாய்க்கு நாம் ஈடில்லை. காவல்துறை நாய்களை வைத்து முன்பு நடத்திய சோதனை ஒன்றில், மிகக் கூரிய பார்வையுடைய நாய்கள் அசையும் பொருளை 800 மீட்டருக்கும் அப்பாலிருந்து கண்டுகொண்டன. அதே பொருள் அசையாமல் நின்றபோது 585 மீட்டருக்குள் வந்த பிறகே அவற்றுக்குத் தெரிந்தது. மங்கிய ஒளியிலும் நாய்க்கு நம்மைவிட நன்றாகக் கண் தெரியும்.

மழைக்குக் கொங்காணி போட்டு வரப்பில் அசையாது நிற்கும் எஜமானனைப் பார்த்து அவர் நாயே குரைப்பது இதனால்தான். காற்று அவர் வாசனையைக் கொண்டுவந்து சேர்த்ததும் வாலை ஆட்டும். தொலைவிலிருந்து நாயை அழைக்கும்போது சும்மா நின்றுகொண்டு கூப்பிடுவதைவிட, கையை அகலமாக வீசி அழைப்பதே பலன் தரும். எதிரில் கிடக்கும் பந்தை எடுக்கவில்லை என்று நாயை அடிப்பது, அதன் கண்ணுக்குப் புலப்படாததற்காக அதைத் தண்டிப்பதாகும்.

ஓடும் பொருளைத் துரத்தும் விளையாட்டில் கவனம் வேண்டும். ஓடுவதைக் கண்டால் துரத்துவது நாயின் இயல்பு. கன்னி, சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்கு இது இன்னும் அதிகம். ஆடுகள் மேயும் இடத்தில் பந்தை வீசித் துரத்தப் பழக்கிய நாய், நாளைக்குத் துள்ளி ஓடும் குட்டியையும் துரத்தும். ஆடு வைத்திருப்போருக்குத் தேடும் விளையாட்டே ஏற்றது.

பழக்கும் முறை

நாய்க்கு நான்கு மாதம் ஆனதும் தொடங்கலாம். பழைய துணி ஒன்றை ஓர் இரவு குட்டிகள் அடையும் கூடையில் போட்டு வைத்தால் அதில் குட்டியின் வாசனை ஏறிவிடும். முதல் மூன்று நாட்கள் நாயின் கண்ணெதிரிலேயே அந்தத் துணியைப் பத்தடி தூரத்தில் வைத்து, "தேடு" என்று ஒரே சொல்லைச் சொல்லி விடவும். துணியை முகர்ந்தவுடன், அந்த இடத்திலேயே ஒரு சிறு துண்டு கருவாடோ வேகவைத்த முட்டையோ கொடுக்கவும். நாயைத் திரும்ப அழைத்துக் கொடுத்தால், வந்ததற்குக் கூலி என்றே அது எண்ணிக்கொள்ளும்.

அடுத்த வாரம் நாயைக் கட்டி வைத்துவிட்டுத் துணியைப் புல்லுக்குள் மறைக்க வேண்டும். நீங்களே எப்போதும் மறைத்து வைத்தால் நாய் உங்கள் காலடி வாசனையைப் பின்தொடர்ந்து போய் எடுத்துவிடும். வீட்டில் வேறொருவர் சுற்றுவழியில் போய் மறைக்கட்டும். இடத்தைக் கையால் சுட்டிக் காட்டவும் கூடாது. காட்டினால் நாய் மூக்கை விட்டுவிட்டு உங்கள் கையையே பார்க்கும். மூன்றாம் வாரம் தூரத்தை 50 அடி, 100 அடி என்று கூட்டலாம். நேரம் ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். நாய் சலிப்பதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

துணியைத் தவறாமல் கண்டுபிடிக்கும் நாயை அதன்பின் உண்மைக் குட்டிக்குப் பழக்கவும். புதர் நிழலில் குட்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, நாயை 30 அடிக் கயிற்றில் விடவும். ஐந்தடிக்குள் வந்ததும் நிறுத்தி அங்கேயே தீனி கொடுக்கவும். நாய் பாயாமல் நிற்பது உறுதியாகும்வரை கயிற்றை அவிழ்க்கலாகாது.

காற்றை அறிந்து விடுதல்

படுத்திருக்கும் குட்டியின் வாசனை, காற்று போகும் திசையில் விசிறி போல விரிந்து செல்லும். நாய் அந்த விசிறிக்குள் நுழைந்தால்தான் தேட முடியும். ஆடி மாத மேல்காற்றில் காட்டின் மேற்குக் கோடியிலிருந்து நாயை விட்டால், வாசனை அதன் பக்கம் வராமல் விலகிப் போய்விடும். கிழக்குக் கோடியிலிருந்து மேற்கு நோக்கி, குறுக்கும் நெடுக்குமாக நடத்திச் செல்ல வேண்டும். காற்றின் திசை தெரியாவிட்டால் ஒரு பிடி புழுதியைத் தூவிப் பார்க்கலாம்.

உதாரணமாக, மாலை ஆறு மணிக்கு இரண்டு ஏக்கர் சோளக்காட்டில் குட்டி ஒன்று காணவில்லை என்று கொள்வோம். முதலில் மற்ற ஆடுகளைப் பட்டியில் அடைக்கவும். இல்லாவிட்டால் எங்கும் ஆட்டு வாசனையே இருக்கும். குட்டி அடைந்த கூடைத் துணியை நாய்க்கு முகரக் கொடுத்து, காற்றுக்கு எதிராக விடவும். நடையில் சட்டென்று தலையைத் திருப்பினால் வாசனை கிடைத்துவிட்டது என்று பொருள். பிறகு மூச்சு வேகமாகும், வால் விறைக்கும், குறுக்கு நடை குறுகிக்கொண்டே வரும். அப்போது பேசாமல் பின்தொடருங்கள். மீண்டும் அகலமாக அலைந்தால் வாசனையைத் தவறவிட்டது என்று அறிந்து, தலை திருப்பிய இடத்துக்கே கூட்டி வரவும்.

காற்றே இல்லாத புழுக்கத்திலும், பலத்த மழைக்குப் பிறகும் எந்த நாயும் தடுமாறும். அன்றன்று மருந்து தெளித்த காட்டில் நாயை விடக்கூடாது. மூக்கில் சளி ஒழுகும் நாய்க்கு ஓய்வு கொடுக்கவும். டிஸ்டெம்பர் நோய் கண்ட நாய்க்கு மோப்பமே மங்கிவிடும் என்பதால், வெறிநோய்த் தடுப்பூசியோடு இதற்கும் உரிய காலத்தில் கால்நடை மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொள்வது அவசியம்.